அதே பியர், வேற போதை: விமானத்திலும் வெயிலிலும் என்ன நடக்குது?

ஃபைனல் இயர்ல பாதிப் பேரோட பேச்சு இப்போ விசா, டிக்கெட், லக்கேஜ் வெயிட்னுதான் ஓடுது. அந்தப் பேச்சுக்கு நடுவுல யாராவது ஒரு சீனியர் சொன்னதா இதுவும் வரும்: "ஃப்ளைட்ல பார்த்துக் குடி மச்சி, மேல ஒண்ணு குடிச்சா கீழ மூணு குடிச்ச மாதிரி ஏறும்." மே மாச வெயிலைப் பத்தியும் இதே மாதிரி ஒண்ணு சொல்வாங்க. தண்ணி வத்திப்போன உடம்புல போதை சீக்கிரம் ஏறும்னு.

அனுபவமா பார்த்தா ரெண்டுமே உண்மைதான். ஆனா அதுக்குச் சொல்ற காரணம் பெரும்பாலும் தப்பு. காரணம் தப்பா தெரிஞ்சா எதுக்குப் பயப்படணும்ங்கிறதும் தப்பா போயிடும். அதனால முதல்ல ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்ப்போம்.

ரத்தத்துல எவ்வளவு?

650 மி.லி. பியர் பாட்டில் ஒண்ணு, 5 சதவீத ஆல்கஹால்னு வச்சுக்கோங்க. அதுல இருக்கிற சுத்தமான ஆல்கஹால் 32.5 மி.லி., எடையில சுமார் 26 கிராம். இந்த ஆல்கஹால் உடம்புல இருக்கிற தண்ணியிலதான் கரைஞ்சு பரவும். அதனால முழு எடையையும் எடுக்காம, ஆணுக்குச் சுமார் 0.68, பெண்ணுக்குச் சுமார் 0.55-ஆல பெருக்கி எடுத்துக்குவாங்க. விட்மார்க் முறைன்னு இதுக்குப் பேர்.

70 கிலோ ஆண் ஒருத்தர்னா:

```
26 / (70 × 0.68) = 0.55 g/kg
```

அதாவது 100 மி.லி. ரத்தத்துல சுமார் 55 மி.கி. நம்ம நாட்டுல வண்டி ஓட்ட அனுமதிக்கிற அளவு 30 மி.கி.தான். ஒரே பாட்டில்லயே அதைத் தாண்டியாச்சு.

இப்போ அதே ஆள் வெயில்ல கிரிக்கெட் ஆடி 2 லிட்டர் வியர்வையை இழந்துட்டார்னு வைங்க. கீழ இருக்கிற 47.6-லிருந்து 2-ஐ கழிச்சா 45.6. விடை 0.57. 55 மி.கி. வெறும் 57 ஆச்சு. இந்த ரெண்டு மி.கி. வித்தியாசத்தை யாராலயும் உணர முடியாது.

விமானத்துக்கு வந்தா, இந்த ஃபார்முலாவுல காற்றழுத்தம்னு ஒரு டெர்மே கிடையாது. உயரத்தை மாத்திச் சோதிச்ச ஆய்வுகள்லயும் ரத்த அளவு சொல்லிக்கிற மாதிரி மாறலை. சோ, ரெண்டு இடத்திலயும் ஆல்கஹால் அளவு கிட்டத்தட்ட அதேதான். மாறினது அதைத் தாங்க வேண்டிய உடம்பு.

விமானம்னா ஊட்டிக்கு மேல

விமானம் 35,000 அடியில பறந்தாலும் கேபினுக்குள்ள காற்றை அழுத்தி வச்சிருப்பாங்க. ஆனா தரைமட்ட அழுத்தம் வரைக்கும் ஏத்த மாட்டாங்க. சுமார் 8,000 அடி, அதாவது 2,438 மீட்டர் உயரத்துல இருக்கிற மாதிரி வரைக்கும் இறங்கலாம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், தொட்டபெட்டா 2,637 மீட்டர். சென்னையிலிருந்து லண்டனுக்கு நீங்க பத்துப் பதினோரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறது, இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு மலைச்சரிவுலன்னு நினைச்சுக்கோங்க.

அங்க காற்றுல ஆக்ஸிஜன் அதே 21 சதவீதம்தான். ஆனா மொத்த அழுத்தம் தரையில இருக்கிறதுல முக்கால் பங்கு. அதனால நுரையீரலுக்குள்ள ஆக்ஸிஜனைத் தள்ளுற விசையும் குறையுது. கொரோனா சமயத்துல விரல்ல மாட்டிப் பார்த்தோமே ஆக்ஸிமீட்டர், அதுல தரையில 97, 98 காட்டுறது, மேல முழிச்சிருக்கும்போதே 90-ஐ ஒட்டி இறங்கிடும். ஆரோக்கியமான ஆளுக்கு இது பிரச்சினை இல்லை. ஆனா மூளை கொஞ்சம் மந்தமாகும், உடம்பு அசதியா இருக்கும். ஒரு டிரிங்க் செய்ற வேலையும் அதேதான். ரெண்டும் சேரும்போது போதை அதிகமா தெரியுது. போதாததுக்குத் தூக்கமும் கெட்டு, சரியா சாப்பிடாமலும் இருப்பீங்க. வெறும் வயித்துல குடிச்சா ரத்தத்துல அளவே வேகமா ஏறும்.

தூங்கினா என்ன ஆகும்?

பெரும்பாலானவங்க விமானத்துல குடிக்கிறது தூக்கம் வரணும்னுதான். உண்மையான சிக்கல் அங்கதான் இருக்கு. ஜெர்மனியோட விண்வெளி ஆய்வு மையமான டி.எல்.ஆர். இதைச் சோதிச்சு 2024-ல வெளியிட்டாங்க. 18-லிருந்து 40 வயசுக்குள்ள, ஆரோக்கியமான 48 பேர். ஒரு பாதிப் பேர் தரைமட்ட அழுத்தத்துல, மறு பாதி 2,438 மீட்டர் அழுத்தம் வச்ச அறையில, நாலு மணி நேரம் தூங்கினாங்க. ஒரு ராத்திரி குடிக்காம, இன்னொரு ராத்திரி ரெண்டு கேன் பியருக்குச் சமமா குடிச்சிட்டு.

தரையில குடிக்காம தூங்கினவங்களுக்கு ஆக்ஸிஜன் சுமார் 96, நாடித்துடிப்பு 64. தரையில குடிச்சப்போ 95, 77. உயரத்துல குடிக்காம 88, 73. உயரத்துல குடிச்சிட்டுத் தூங்கினப்போ 85, 88.

கடைசி ஜோடியை இன்னொரு தடவை பாருங்க. தூங்குற ஒரு ஆளுக்கு நிமிஷத்துக்கு 88 துடிப்பு. தூங்கும்போது இயல்பாவே மூச்சு மெதுவாகும். ஆல்கஹால் தொண்டைத் தசையையும் தளர்த்திடும், மூச்சு விடணும்ங்கிற உந்துதலையும் குறைக்கும். குறையுற ஆக்ஸிஜனை ஈடுகட்ட இதயம் வேகமா ஓடுது. இவங்கெல்லாம் இளைஞர்கள், காலை நீட்டிப் படுத்திருந்தவங்க. இதே நிலைமை இதயக் கோளாறோ நுரையீரல் கோளாறோ இருக்கிற ஒருத்தருக்கு வந்தா சமாளிக்க இடமே இருக்காது. பட்டமளிப்புக்கு வர்ற அப்பா, பெரியப்பாவுக்குச் சொல்லி வைக்க வேண்டிய விஷயம் இது. தூக்க மாத்திரையோ, தூக்கம் வர வைக்கிற வாந்தி மாத்திரையோ சேர்ந்தா இன்னும் மோசம்.

பக்கத்து சீட்டுல குடிச்சிட்டுத் தூங்குறவர் தட்டினாலும் எழலை, உதடு நீலமா தெரியுது, மூச்சு விட்டு விட்டு வருதுன்னா உடனே பெல்லை அழுத்துங்க. விமானத்துல ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கும்.

வெயில்ல

இங்க குறையுறது ஆக்ஸிஜன் இல்லை, ரத்த அழுத்தம். சூட்டை வெளியேத்த உடம்பு தோலோட ரத்தக்குழாய்களை விரிக்கும். ஆல்கஹாலும் அதையேதான் செய்யும். வியர்வையில தண்ணி போயிருக்கும். ஆல்கஹால் சிறுநீரையும் அதிகமாக்கும். குழாய் பெருசு, உள்ள ஓடுற திரவம் கம்மி. உட்கார்ந்திருக்கும்போது ஒண்ணும் தெரியாது. எழுந்து நின்னதும் ரத்தம் காலுக்கு இறங்கி, தலை சுத்தி விழுவாங்க. "ஒரு பியர்லயே விழுந்துட்டான்"னு சிரிப்போம். விழுந்ததுல போதைக்கு ஒரு பங்குதான்.

சிரிக்கக் கூடாத இடம் ஒண்ணு இருக்கு. குழறிப் பேசுறது, தள்ளாடுறது, சம்பந்தமில்லாம உளர்றது: இது போதைக்கும் அறிகுறி, வெப்பத் தாக்குக்கும் அறிகுறி. "ஓவராயிடுச்சு, தூங்கட்டும்"னு ரூம்ல விட்டுட்டுப் போற முடிவு உயிரையே எடுக்கலாம். அதனால நெஞ்சையோ கழுத்தையோ தொட்டுப் பாருங்க. உடம்பு நெருப்பா கொதிச்சா அதைப் போதைன்னு எடுத்துக்காதீங்க. வியர்த்திருந்தாலும் சரி. 108-க்கு அடிங்க. நிழலுக்குத் தூக்கிட்டுப் போய் உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி விசிறுங்க. நினைவு தெளிவா இல்லாதவர் வாயில தண்ணி ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குப் போயிடும். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க.

கடைசியா, தண்ணி குடிச்சா போதை இறங்குமா? இறங்காது. பிளாக் காபி, எலுமிச்சை ஜூஸ் எதுவும் இறக்காது. கல்லீரல் மணிக்குச் சுமார் 15 மி.கி. அளவுதான் குறைக்கும், மேல சொன்ன 55-க்கு மூணரை மணி நேரத்துக்கு மேல ஆகும். தண்ணி செய்றது, வத்தினதை நிரப்புறது மட்டும்தான். விமானத்துல தூங்கணும்னா குடிக்காம தூங்குறதே மேல். குடிக்கிறதா இருந்தா சாப்பாட்டோட ஒண்ணு, அதுவும் தூங்கப்போறதுக்குப் பல மணி நேரம் முன்னாடி.