ஒரு கோலம், மூன்று தாள்

இந்தப் பாடம் நான் செய்த ஒரு தப்பிலிருந்து தொடங்குகிறது.

போன வருஷம் எங்கள் ஜெஞ்சாரோம் கிளை ஒரு திருவிளக்குப் பூசைக்கு ஏற்பாடு செய்தது. நான் பொறியியல் படிக்கிறவன், கையில் லேப்டாப் இருக்கிறது. அது போதுமே! "போஸ்டர், அழைப்பு அட்டை, பாட்டுத் தாள், மூணையும் நீயே பார்த்துக்கோ தம்பி" என்று கிளையில் மூத்த அண்ணன் ஒருவர் என் தலையில் கட்டிவிட்டார். வட்டமான கோலத்தின் நடுவே ஒரு குத்துவிளக்கு இருக்கிற மாதிரி படம் வரைந்தேன். கைத்தொலைபேசியில் அனுப்புவதற்காக வரைந்ததால் அதன் அளவு 1080 x 1350 பிக்சல். பார்த்தவர்கள் எல்லாருக்கும் பிடித்திருந்தது. அதே படத்தை ஏ3 தாள் முழுவதும் நிறையும்படி இழுத்துவிட்டு, 40 போஸ்டர் அச்சடிக்கக் கொடுத்தேன்.

போஸ்டர் வந்து சேர்ந்தது. கோலம் முட்டை மாதிரி நீண்டிருந்தது. விளக்கு ஒல்லியாக, நெட்டையாக நின்றது. வாழ்நாள் முழுக்கக் கோலம் போட்ட என் பாட்டி ஒரே பார்வையில் கேட்டார்: "ஏன்டா கோலத்தைப் புடிச்சு இழுத்து வெச்சிருக்க?"

பாட்டுத் தாளில் இன்னொரு தப்பு. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் தாளைப் பார்ப்போம்.

பாதியாக மடித்தாலும் அதே வடிவம்

ஓர் ஏ4 தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் 210 மி.மீ., உயரம் 297 மி.மீ. 297-ஐ 210-ஆல் வகுத்தால் 1.414 வரும். இப்போது தாளை உயரவாக்கில் பாதியாக மடியுங்கள். கையில் இருப்பது ஏ5: 148 x 210 மி.மீ. 210-ஐ 148-ஆல் வகுத்தால் 1.419. அரை மில்லிமீட்டரைக் கழித்துவிடுவதால் வருகிற சின்ன வித்தியாசம் இது. மற்றபடி அதே வடிவம்தான்.

எல்லாத் தாளும் இப்படி இருக்காது. அமெரிக்காவில் புழங்கும் லெட்டர் தாள் 216 x 279 மி.மீ. அதன் விகிதம் 1.29. அதைப் பாதியாக மடித்தால் விகிதம் 1.55 ஆகிவிடும். குட்டையான தாள் மடித்ததும் ஒல்லியாகிவிடுகிறது. முழுத் தாளில் வரைந்த படம் பாதித் தாளில் சரியாக உட்காராது.

மடித்தாலும் விகிதம் மாறக்கூடாது என்றால் ஒரே ஒரு எண்தான் பொருந்தும். குட்டைப் பக்கத்தை 1 என்றும் நெட்டைப் பக்கத்தை x என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மடித்த பிறகு நெட்டைப் பக்கம் 1, குட்டைப் பக்கம் x/2. இரண்டு விகிதமும் சமம் என்றால்:

x / 1 = 1 / (x/2), அதாவது x² = 2

ஆகவே x என்பது 2-இன் வர்க்கமூலம், 1.414. இந்த விகிதத்தின் நன்மையை ஜெர்மன் அறிஞர் லிக்டன்பெர்க் 1786-இலேயே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1922-இல் ஜெர்மனி இதைத் தன் தாள் தரமாக்கியது. 1975-இல் ஐ.எஸ்.ஓ 216 என்ற பெயரில் அது உலகத் தரமானது. ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர். அதைப் பாதியாக்கினால் ஏ1, மறுபடியும் பாதியாக்கினால் ஏ2, இப்படியே போகும். எண் கூடக்கூடத் தாள் சின்னதாகும்.

எதற்கு எந்தத் தாள்?

போஸ்டருக்கு ஏ3 (297 x 420 மி.மீ.) எடுத்தோம். கோயில் அறிவிப்புப் பலகையிலும் கடைக் கண்ணாடியிலும் ஒட்ட அது போதும். மண்டப வாசலில் தூரத்திலிருந்து வாசிக்க வேண்டியிருந்தால் ஏ2 வேண்டும்.

பாட்டுத் தாளுக்கு ஏ5. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு கையில் பிடித்துப் படிக்கிற தாள் அது. ஏ4 ஆக இருந்தால் விளக்குக்குப் பக்கத்தில் வளைந்து தொங்கும். ஓர் ஏ4-ஐ வெட்டினால் இரண்டு ஏ5 கிடைக்கும். 120 பேருக்கு 60 தாள் போதும், துண்டு எதுவும் வீணாகாது.

அழைப்பு அட்டைக்கு ஏ6 (105 x 148 மி.மீ.). ஓர் ஏ4 அட்டையில் நான்கு வரும், 120 அட்டைக்கு 30 தாள். சி6 என்று கேட்டு வாங்குகிற உறையில் மடிக்காமலே நுழையும், ஏனென்றால் சி வரிசை உறைகள் ஏ வரிசைத் தாளுக்காகவே அளவெடுக்கப்பட்டவை.

பாதி என்றால் 50 அல்ல

இங்கேதான் நிறைய பேர் தடுக்கி விழுகிறோம். ஏ5 என்பது ஏ4-இல் பாதி. அதனால் நகலெடுக்கும் இயந்திரத்தில் 50% என்று அழுத்திவிடுகிறோம். வெளியே வருவது ஏ6 அளவுப் படம், சுற்றிலும் வெள்ளை! பாதியாவது பரப்பு. இயந்திரம் கேட்பது பக்கத்தின் நீளம். பக்கம் 1.414-ஆல் வகுபட்டால் பரப்பு பாதியாகும். ஆகவே ஒரு படி இறங்க 71%, ஒரு படி ஏற 141%. இரண்டு படி இறங்க 50%, இரண்டு படி ஏற 200%. பெரும்பாலான நகல் இயந்திரங்களில் இந்த எண்கள் ஏற்கெனவே பொத்தானாகவே இருக்கும். ஏன் இந்த வினோத எண்கள் என்று யோசித்திருந்தால், பதில் இதுதான்.

படத்துக்கு இது போதும். எழுத்துக்குப் போதாது. என் பாட்டுத் தாள் கெட்டுப்போனது இதனால்தான். ஏ4-இல் 11 பாயிண்ட் எழுத்தில் தட்டச்சு செய்தேன். 71% ஆகச் சுருக்கி ஏ5-இல் நகலெடுத்தேன். வடிவம் துளியும் கெடவில்லை. ஆனால் எழுத்து 7.8 பாயிண்டாகச் சுருங்கிவிட்டது. நம் எழுத்தில் முதலில் காணாமல் போவது புள்ளி. நகலில் 'கண்' 'கண' ஆகிறது, 'எழுத்து' 'எழுதது' ஆகிறது. மனப்பாடமாகத் தெரிந்த பாட்டியம்மாக்கள் சமாளித்தார்கள். முதல் முறை பாட வந்த பிள்ளைகள் நடுவிலேயே நின்றுவிட்டார்கள். பூசையில் பாட்டு பாதி சத்தத்தில்தான் கேட்டது. முட்டைக் கோலத்தைவிட இதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

இப்போது நான் கணக்கைப் பின்னாலிருந்து போடுகிறேன். ஏ5 தாளில் எழுத்து 11 பாயிண்ட் வேண்டும். ஏ4-இல் தட்டச்சு செய்வதாக இருந்தால் 11-ஐ 0.71-ஆல் வகுக்க வேண்டும், 15.5 வரும். அந்த அளவில் பாட்டு ஒரு பக்கத்தில் அடங்காவிட்டால், எழுத்தைக் குறைக்காமல் மறுபக்கத்திலும் அச்சடிக்கிறேன். அழைப்பு அட்டையிலும் இதே கதைதான். ஏ3-இலிருந்து ஏ6-க்கு மூன்று படி, 35%. போஸ்டரில் 22 பாயிண்டில் இருந்த நிகழ்ச்சி நிரல் அட்டையில் 7.8 ஆகிவிடும். அதனால் அட்டைக்குப் படத்தை மட்டும் சுருக்கிவிட்டு, நாள், நேரம், இடம் மூன்றையும் புதிதாகத் தட்டச்சு செய்வதே சரி.

கோலம் ஏன் முட்டையானது?

என் படத்தின் விகிதம் 1350-ஐ 1080-ஆல் வகுத்தால் 1.25. ஏ3-இன் விகிதம் 1.414. இரண்டும் வேறு குடும்பம். தாளை நிறைக்க இழுத்ததும், அகலம் பெருகியதைவிட உயரம் 13% அதிகமாகப் பெருகிவிட்டது. 20 செ.மீ. அகலமான கோலத்தின் உயரம் 22.6 செ.மீ. பாட்டியின் கண்ணுக்கு அந்த இரண்டரை செ.மீ. தப்பவில்லை.

சரியான வழி இழுப்பதல்ல, இடம் விடுவது. படத்தின் அகலத்தை 297 மி.மீ. ஆக்குங்கள். மென்பொருளில் `Lock aspect ratio` என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தால் உயரம் தானாக 371 மி.மீ. ஆகும். தாளின் உயரம் 420. அடியில் 49 மி.மீ. மிச்சம். பின்னணி நிறத்தை அதுவரை நீட்டிவிட்டு, பூசை நடக்கும் இடத்தையும் நேரத்தையும் அந்தப் பட்டையில் எழுதிவிடலாம். இரண்டாம் முறை போஸ்டரை அப்படித்தான் அடித்தோம்.

அப்போதும் ஒரு குறை இருந்தது. 1080 பிக்சலை 297 மி.மீ. அகலத்தில் பரப்பினால் ஓர் அங்குலத்துக்கு 92 பிக்சல்தான் வரும். கிட்டே நின்று பார்த்தால் ஓரங்கள் படிக்கட்டு மாதிரி தெரியும். சுவரில் பார்க்கிற போஸ்டருக்குக் குறைந்தது 150 வேண்டும், அதாவது ஏ3-க்கு 1754 x 2480 பிக்சல். கையில் பிடிக்கிற தாளுக்கு 300. சின்னதைப் பெரிதாக்கினால் இல்லாத விவரம் வந்துவிடாது. அதனால் ஏ3-இல் வரைந்து கீழே இறங்குவதுதான் புத்தி. ஏ3 படத்தைத் தொலைபேசிக்கு அனுப்ப, 1350 உயரத்துக்குச் சுருக்கினால் அகலம் 955 பிக்சல் வரும். மீதி 125-ஐ இரண்டு பக்கமும் பின்னணி நிறத்தால் நிரப்பினால் முடிந்தது.

பந்திங் மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. 2 அடிக்கு 6 அடி பந்திங்கின் விகிதம் 3. ஏ3 படத்தை அகலத்துக்குச் சரியாக வைத்தால் 86 செ.மீ. உயரம்தான் நிறையும். இன்னும் 97 செ.மீ. காலியாக நிற்கும். அதை இழுத்து நிரப்பினால் விளக்கு தென்னை மரமாகிவிடும். பந்திங்குக்குக் கோலம் மேலே, எழுத்து கீழே என்று தனியாக அடுக்க வேண்டும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன்

முழு எண்ணிக்கையும் அடிக்கும் முன் ஒரே ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள். படத்தில் வட்டமான ஒன்றைக் கண்டுபிடித்து, அடிக்குச்சியால் குறுக்கிலும் நெடுக்கிலும் அளந்துவிடுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் இழுபடவில்லை. சமமாக இருந்தும் எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தால், அச்சிடும்போது `Fit` என்று இருந்திருக்கும். அதை `Actual size` என்று மாற்றுங்கள். மென்பொருளில் தாள் லெட்டர் என்று இருந்தாலும் ஏ4 பக்கம் 94% ஆகச் சுருங்கிவிடும். அதையும் பாருங்கள். கடைசியாக அந்தப் பிரதியை, கண்ணாடி போடுகிற ஒருவரிடம் கொடுத்து ஒரு வரி வாசிக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு வேலை. ஓர் ஏ4 தாளின் குட்டைப் பக்கத்தை நெட்டைப் பக்கத்தின் மேல் படியும்படி மூலையிலிருந்து சாய்வாக மடியுங்கள். அந்த மடிப்புக் கோட்டின் நீளத்தை இன்னொரு ஏ4-இன் நெட்டைப் பக்கத்தோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக நிற்கும். ஏன் என்று உங்கள் கிளையில் தம்பி தங்கைகளிடம் கேளுங்கள்; பதில் மேலே இருக்கிறது.

எங்கள் முட்டைக் கோலப் போஸ்டர் 40-ம் வீணாகவில்லை. அவற்றின் பின்பக்கத்தில்தான் அடுத்த வாரம் பிள்ளைகள் கோலம் வரையப் பழகினார்கள்.