புளி இல்லாத நாளில் எதை, எவ்வளவு?

கேள்வி: வீட்டில் புளி தீர்ந்துபோன அன்று வத்தக்குழம்பில் மூன்று எலுமிச்சம்பழம் பிழிந்து கொதிக்கவிட்டேன். கசந்துவிட்டது. புளிக்குப் பதிலாக எதை, எவ்வளவு சேர்க்கலாம்?
– வாசகி, திருச்சி

பதில்: கசப்புக்குக் காரணம் கொதிக்கவிட்டதுதான். எலுமிச்சையின் புளிப்பு கொதித்தாலும் அப்படியே நிற்கும். மணம் பறந்துபோகும், கசப்பு தலைதூக்கும். வத்தக்குழம்போ சுண்டச் சுண்டக் கொதிக்க வேண்டிய குழம்பு. அதன் நிறமும் கெட்டித்தன்மையும் புளிச் சதையிலிருந்தே வருகின்றன. அதனால் புளி இல்லாத அன்று வத்தக்குழம்பு வைக்க வேண்டாம் என்பேன்.

மற்றவற்றுக்கு வழி உண்டு. நெல்லிக்காய் அளவு புளிக்கு (சுமார் 10 கிராம்) ஏறக்குறைய ஈடான அளவுகள் இவை:

| பதிலுக்கு | அளவு | என்ன மாறும் |
|---|---|---|
| எலுமிச்சை | நடுத்தரப் பழம் 1 | மணம் தூக்கும், குழம்பு நீர்க்கும் |
| நாட்டுத் தக்காளி | நடுத்தரம் 3 | இனிப்பும் கெட்டியும் கூடும் |
| மாங்காய் | சிறியதில் பாதி | மாங்காய் வாசனை வரும் |
| குடம்புளி | சிறு துண்டு 2 | புகை வாசனை, கறுத்த நிறம் |

ரசத்துக்கு எலுமிச்சை நன்றாகப் பொருந்தும். ரசம் நுரைத்து வந்ததும் இறக்கி, சூடு சற்றுத் தணிந்த பிறகு பிழியுங்கள். மீன்குழம்புக்குக் குடம்புளி. வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரோடு சேர்த்துப் போடுங்கள். போதிய புளிப்பு ஏறியதும் துண்டுகளை எடுத்துவிடலாம்.

சாம்பாருக்கு நான் தக்காளியைத்தான் சொல்வேன். நான்கு பேருக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாட்டுத் தக்காளியைப் பொடியாக நறுக்கி, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்வரை வதக்குங்கள். இதில் அவசரப்பட்டால் பச்சை வாசனை கடைசிவரை போகாது. காய்களைத் தனியே முக்கால்வாசி வேகவைத்த பிறகே இதில் சேர்க்க வேண்டும், புளிப்பில் காய் சீக்கிரம் வேகாது. தக்காளியே நீர் விடும் என்பதால் வழக்கமாக ஊற்றும் தண்ணீரில் அரை டம்ளரைக் குறையுங்கள். வெல்லம் போடும் பழக்கம் இருந்தால் அன்று வேண்டாம்.

பருப்பைக் கொட்டுவதற்கு முன் ருசி பாருங்கள். அப்போது புளிப்பு ஒரு படி தூக்கலாகத் தெரிய வேண்டும், பருப்பு சேர்ந்ததும் அடங்கிவிடும். பெங்களூர் தக்காளி என்றால் புளிப்பு நிச்சயம் குறையும். அதற்காக நான்காவது தக்காளியைச் சேர்த்தால் சாம்பார் இனிக்கும். அதைவிட, இறக்கியபின் அரை மூடி எலுமிச்சை பிழிவது நல்லது.