பத்துத் துண்டுச் சீட்டும் ஒரு டி-சோதனையும்

அக்கா மகள் புள்ளியியல் படிக்கிறாள். டி-சோதனைக்கான சூத்திரத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். “பி-மதிப்புன்னா என்ன?” என்று கேட்டேன். “0.05-க்குக் கீழே வந்தா நிராகரிக்கணும் மாமா” என்றாள். எதை, ஏன் என்பதற்குப் பதில் இல்லை. அவளைக் குறை சொல்லி என்ன பயன், பாடப்புத்தகமே சூத்திரம் முதலில், பொருள் பிறகு என்ற வரிசையில்தான் போகிறது.

அவள் கல்லூரிக்கு வண்டியில் போக இரண்டு வழி உண்டு. இரண்டிலும் ஐந்தைந்து நாள் போய், ஆன நிமிடங்களைக் குறித்து வைத்திருந்தாள். நெடுஞ்சாலை வழியில் 42, 45, 39, 47, 44. உள்சாலை வழியில் 41, 38, 40, 43, 36. சராசரி 43.4, 39.6. வித்தியாசம் 3.8 நிமிடம். உள்சாலை நிஜமாகவே வேகமா, அல்லது அந்த நாட்களின் அதிர்ஷ்டமா?

பத்து எண்களையும் பத்துத் துண்டுச் சீட்டில் எழுதச் சொன்னேன். வழியால் எந்த வித்தியாசமும் இல்லை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்படியானால் 47 என்ற சீட்டு நெடுஞ்சாலைக் கணக்கில் விழுந்தது தற்செயல், மற்றதிலும் விழுந்திருக்கலாம். சீட்டுகளைக் குலுக்கி, ஐந்தை இந்தப் பக்கம், ஐந்தை அந்தப் பக்கம் வைத்து வித்தியாசத்தைக் குறி. மறுபடி குலுக்கு. ஒரு நிமிடம், அரை நிமிடம், இரண்டு நிமிடம் என்று சின்ன எண்களாகவே வந்துகொண்டிருந்தன. 3.8-ஓ அதற்கு மேலோ அபூர்வமாகத்தான் எட்டிப் பார்த்தது. எவ்வளவு அபூர்வம் என்பதைத்தான் பி-மதிப்பு சொல்கிறது.

கை வலித்த பிறகு கணினிக்குப் போனோம்.

```python
import numpy as np
x = np.array([42, 45, 39, 47, 44, 41, 38, 40, 43, 36])
rng = np.random.default_rng()
n, c = 10000, 0
for _ in range(n):
    rng.shuffle(x)
    d = x[:5].sum() - x[5:].sum()
    if abs(d) >= 19:
        c += 1
print(c / n)
```

சராசரிக்குப் பதில் கூட்டுத்தொகையை ஒப்பிட்டிருப்பதைக் கவனியுங்கள்: 217-க்கும் 198-க்கும் வித்தியாசம் 19. முழு எண்ணாக இருந்தால் “சமம்” என்பதில் குழப்பம் வராது. 3.8 என்று தசமத்தில் ஒப்பிட்டால் கணினி 3.7999… என்று எதையாவது வைத்துக்கொண்டு சமமானவற்றில் சிலவற்றைத் தவறவிடலாம். இது சில்லறை விஷயம் இல்லை. பத்துச் சீட்டை ஐந்தைந்தாகப் பிரிக்க 252 வழிகள்தான் உண்டு. அவற்றில் 24-இல் வித்தியாசம் 3.8 அல்லது அதற்கு மேல். அதாவது 9.5%. நிரலும் அதன் பக்கத்தில்தான் காட்டும். சரியாக 3.8 வருபவற்றை விட்டுவிட்டால் 14 மட்டுமே மிஞ்சி, 5.6% ஆகிவிடும்.

அவளுடைய அடுத்த கேள்வி நல்ல கேள்வி: “உள்சாலை வேகமா இருக்கிற பக்கத்தை மட்டும் எண்ணினா?” 12 பிரிவுகள், 4.8%. ஐந்துக்குக் கீழே! முகம் மலர்ந்தது. ஆனால் எந்தப் பக்கம் பார்ப்பது என்பதை வண்டியை எடுப்பதற்கு முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். எண்களைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் மறுபக்கத்துக்கும் அதே சலுகை உண்டு, ஆகவே 9.5% தான் நியாயம்.

இன்னொன்றும் சீட்டைக் குலுக்கும்போதே பிடிபட்டுவிடும். “இரண்டு வழியும் ஒன்றே என்பதற்கு 9.5% வாய்ப்பு” என்று பலர் எழுதுகிறார்கள். குலுக்கத் தொடங்கும்போதே இரண்டும் ஒன்று என்று வைத்துக்கொண்டோமே, அதன் வாய்ப்பை அந்தக் குலுக்கலே எப்படிச் சொல்லும்?

இதே எண்களை டி-சோதனைக்குக் கொடுத்தால் சுமார் 7% வருகிறது. ஐந்தைந்து எண்களுக்கு இந்த அளவு விலகல் இருக்கத்தான் செய்யும். ஃபிஷர் 1935-இல் வெளியிட்ட நூலில், டார்வின் வளர்த்த 15 ஜோடி மக்காச்சோளச் செடிகளின் உயரத்தை எடுத்துக்கொண்டு, சாத்தியமான 32,768 குறிமாற்றங்களையும் கணக்கில் கொண்டு பார்த்தார். டி-சோதனையின் விடையும் அதை ஒட்டியே இருந்தது. கணினி இல்லாத காலத்தில் அத்தனையையும் தினமும் யார் எண்ணுவார்கள்? அங்கே சூத்திரம் கைகொடுத்தது.

குலுக்கல் எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. நெடுஞ்சாலையில் போன நாளெல்லாம் மழை நாளாக இருந்தால், நாம் அளந்தது மழையை. அதனால் எந்த நாள் எந்த வழி என்பதைக் காசு சுண்டித் தீர்மானிப்பதே முறை. அல்லது இரண்டு திங்கள், இரண்டு செவ்வாய் என்று ஜோடி சேர்க்கலாம். அப்போது குலுக்கும் விதமும் மாறவேண்டும்: ஜோடிக்குள் மட்டுமே இடமாற்றம். ஐந்து ஜோடிக்கு 32 விதம்தான். ஐந்து ஜோடியிலும் உள்சாலையே முந்தினாலும், இரு பக்கமும் சேர்த்து 32-இல் 2, அதாவது 6.25%, எத்தனை நிமிடம் முந்தினாலும் இதற்குக் கீழே இறங்காது. சனிக்கிழமையையும் சேர்த்து ஆறு ஜோடியாக்கினால் 64-இல் 2, 3.1% வரை இறங்க வழியுண்டு.