புகைப்படத்தில் முட்டை எண்ணி விலை கணித்தல்

நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரர் பலர் வீட்டுப்புறத்தில் கோழியும் வளர்க்கின்றனர். ஊவா மாகாணத் தோட்டப்புறங்களில் இவ்வாறு சேரும் முட்டைகளை வாங்குவோர் பெரும்பாலும் பதுளை, பண்டாரவளை நகரங்களில் இருப்பவர்கள். கைத்தொலைபேசியில் எடுத்த புகைப்படத்தை முன்னரே அனுப்பி, அதனைக் கொண்டு தொகையையும் விலையையும் பேசி முடித்தபின் முட்டைகளை வண்டியில் ஏற்றுவது இருசாராருக்கும் வசதியானது. ஆயினும் எண்ணும் முறையில் ஒழுங்கு இல்லாவிடில், பின்னர் தகராறு எழும். அதனைத் தவிர்க்கும் வழி கீழே கூறப்படுகின்றது.

படம் எடுக்கும் முறை

தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்துப் பக்கவாட்டில் எடுக்கும் படம் எண்ணுவதற்கு உதவாது. அதில் தட்டுகளின் தொகை மட்டுமே தெரியும். உள்ளே எத்தனை குழிகள் வெறுமையாக உள்ளன என்பதும், எத்தனை முட்டைகள் உடைந்துள்ளன என்பதும் தெரியா. ஆகவே ஒவ்வொரு தட்டையும் தனித்தனியே தரையில் வைத்து, நேர்மேலிருந்து, நான்கு ஓரங்களும் படத்தில் விழுமாறு எடுத்தல் வேண்டும். சாய்வாக எடுத்தால் முன்வரிசை முட்டைகள் பின்வரிசையை மறைத்துவிடும்.

தட்டின் ஓரத்தில் அதன் இலக்கத்தையும் திகதியையும் எழுதிய சிறு கடதாசித் துண்டை வைத்தல் நன்று. இலக்கமில்லாத படங்களில் ஒரே தட்டு இருமுறை எண்ணப்படுவது அடிக்கடி நேர்வது. வெயிலும் மின்னொளியும் நேரே பட்டால் ஓடு பளபளத்துக் கீறல் மறைந்துவிடும். வாசலில் நிழலான இடத்தில், பகல் வெளிச்சத்தில் எடுப்பதே சிறந்தது. வெள்ளை முட்டைக்கும் சிவப்பு முட்டைக்கும் விலை வேறுபடுவதால், நிறம் சரியாகத் தெரிவதற்கும் இந்த வெளிச்சமே ஏற்றது.

எண்ணும் முறை

வழக்கமான கடதாசிக்கூழ்த் தட்டில் ஒரு பக்கம் 6 குழிகளும் மறுபக்கம் 5 குழிகளுமாக 30 குழிகள் உள்ளன. முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணுவதை விட வெறுங்குழிகளை எண்ணி 30இலிருந்து கழிப்பது எளிது, பிழையும் குறைவு. ஆனால் தட்டு முப்பதின் தட்டுத்தானா என்பதை முதலில் இரண்டு ஓரங்களிலும் எண்ணி உறுதிசெய்தல் வேண்டும். இதன்பின் உடைந்தவற்றை வேறாக எண்ணல் வேண்டும். வெறுங்குழியையும் உடைந்த முட்டையையும் ஒரே கணக்கில் சேர்த்தல் கூடாது.

இவ்விடத்தில் ஒரு பிழை மிகுதியாக நிகழ்கின்றது. உடைந்த முட்டையைப் படம் எடுக்குமுன் அகற்றிவிட்டால் அக்குழி வெறுமையாகத் தோன்றும். அதனை வெறுங்குழியாகவும் கழித்து, “இவ்வளவு உடைந்தன” என்று வாயால் கூறியதையும் மீண்டும் கழித்தால், ஒரே முட்டைக்கு இருமுறை நட்டம் உண்டாகும். ஆகவே படம் எடுத்த பின்னரே உடைந்தவற்றை அகற்றுதல் வேண்டும்.

உடைவை அறிதல்

ஓடு உட்குழிந்திருப்பதும், வெள்ளைக்கருவோ மஞ்சட்கருவோ வெளிவந்திருப்பதும் படத்தில் தெளிவாகத் தெரியும். தட்டின் கடதாசி நனைந்து கருமையாகத் தோன்றினால், அவ்விடத்து முட்டையின் அடிப்பாகம் உடைந்திருத்தல் கூடும். ஆயினும் மேல்தட்டில் உடைந்த முட்டை கீழ்த்தட்டில் வழிந்து நல்ல முட்டையையும் நனைக்கும். நனைவை மட்டும் கொண்டு முடிவு செய்யாது அந்த முட்டையை எடுத்துப் பார்த்தல் வேண்டும்.

வைக்கோல் துரும்பும் சிறகு இழையும் கீறல்போலத் தோன்றும். கீறல் பெரும்பாலும் ஒரு மோதிய இடத்திலிருந்து கிளைத்துப் பரவும். துரும்பு கிளையின்றி ஓரிடத்தில் முடியும். ஐயமானால் அம்முட்டையை மட்டும் திருப்பிவைத்து இரண்டாவது படம் கேட்கலாம்.

மயிரிழைபோன்ற கீறலைப் படம் காட்டாது. முட்டையை இருட்டறையில் மின்சூழின் முன் பிடித்தால் அது ஒளிக்கோடாகத் தெரியும். எனவே படத்தைக் கொண்டு கழிப்பது கண்ணுக்குத் தெரியும் உடைவை மட்டுமே என்று முன்னரே பேசிக்கொள்ளல் வேண்டும். வாங்குபவர் விரும்பினால் ஓரிரு தட்டுகளைத் தாமே தெரிந்தெடுத்து இவ்வாறு சோதிக்கலாம். அவற்றில் கீறல் காணப்பட்டால் மற்றத் தட்டுகளையும் சோதித்தல் முறையாகும். ஒரு தட்டிற் கண்டதை எல்லாத் தட்டுகளுக்கும் பெருக்கிக் கழிப்பது முறையன்று.

ஓர் உதாரணம்

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் 12 தட்டு வெள்ளை முட்டைகள் விற்பனைக்கு வந்தன எனவும், ஒரு முட்டையின் விலை 38 ரூபா எனவும் கொள்வோம். பத்துத் தட்டுகள் நிறைந்துள்ளன. 7ஆம் தட்டில் 4 வெறுங்குழிகளும், 12ஆம் தட்டில் 12 வெறுங்குழிகளும் உள்ளன. நிறைந்த தட்டுகளில் 300 முட்டைகள், 7ஆம் தட்டில் 26, 12ஆம் தட்டில் 18. ஆக மொத்தம் 344. படங்களில் 3ஆம் தட்டில் 2, 7ஆம் தட்டில் 1, 11ஆம் தட்டில் 3 என 6 முட்டைகள் உடைந்துள்ளன. நல்லவை 338. விலை 338 × 38 = 12,844 ரூபா.

தட்டுகளை மட்டும் எண்ணியிருந்தால் 12 × 30 = 360 எனக் கொண்டு, 6ஐக் கழித்து, 354 முட்டைகளுக்கு 13,452 ரூபா கேட்க நேரும். இதனால் வாங்குபவர் இல்லாத 16 முட்டைகளுக்கு 608 ரூபா கொடுக்கவேண்டியவராவார். முட்டைகளைப் பிரித்து எண்ணும்போது இப்பிழை வெளிப்பட்டால், விற்பவரின் அடுத்த கணக்கும் நம்பப்படாது.

வழியில் உடைபவை

வளைந்து இறங்கும் மலைப்பாதையில் வண்டி குலுங்குவதால் முட்டைகள் மேலும் உடையும். மேற்படி முட்டைகள் பதுளையில் இறக்கப்பட்டபோது 15 உடைந்திருந்தன என்க. தோட்டத்தில் எடுத்த படங்களில் 6 மட்டுமே காணப்பட்டன. அந்த ஆறும் தட்டிலேயே விடப்பட்டு வந்திருப்பின், வழியில் உடைந்தவை 9. அவற்றின் பெறுமதி 342 ரூபா. இதனை ஏற்பவர் விற்பவரா, வாங்குபவரா, வண்டிக்காரரா என்பதைச் சரக்கு ஏறுமுன்பே முடிவுசெய்தல் வேண்டும். இறக்குமிடத்திலும் அதே இலக்கத் துண்டுகளுடன் படம் எடுத்தால், எந்தத் தட்டில் எத்தனை உடைந்தன என்பது ஐயமின்றித் தெரியும். உடைவு எப்போதும் அடித்தட்டுகளிலேயே காணப்பட்டால் அடுக்கு உயரமாயிற்று என்று கொண்டு, அடுத்தமுறை உயரத்தைக் குறைக்கலாம்.

நிறைக்கு விற்கும்போது

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை 2022 ஓகத்தில் வெள்ளை முட்டை ஒன்றுக்கு 43 ரூபாவும் சிவப்பு முட்டைக்கு 45 ரூபாவும் உச்ச விலையாக விதித்தது. 2023 ஏப்பிரலில் கிலோகிராம் அடிப்படையிலும் உச்ச விலை விதிக்கப்பட்டது. விலை நிறைக்குப் பேசப்படுமிடத்துப் புகைப்படம் உடைவை மட்டுமே காட்டும், நிறையைக் காட்டாது. அப்போது உடைந்தவற்றை நீக்கி, வெறுந்தட்டின் நிறையையும் கழித்து நிறுத்தல் வேண்டும்.

உடைந்து ஒழுகும் முட்டையை உண்ணலாகாது, எறிந்துவிடல் வேண்டும். ஓடு மட்டும் வெடித்து உட்சவ்வு கிழியாதிருப்பவற்றை விற்பனைத் தொகையில் சேர்க்காது வேறாக வைத்து, அன்றே நன்றாக வேகவைத்து வீட்டில் பயன்படுத்தலாம். கணக்கு முழுவதும் தீர்ந்து பணம் கைக்கு வரும்வரை படங்களை அழித்தல் கூடாது.