அரிப்பு மாத்திரையா, ரத்த அழுத்த மாத்திரையா?

உடம்பெல்லாம் அரிப்பு என்று டாக்டரிடம் போய்வந்த ஒருவர் மருந்துக்கடையில் கேட்கிறார்: “செட்ரிசினுக்கும் ஹைட்ராலசினுக்கும் என்ன வித்தியாசம்?”

கேள்வியே இடிக்கிறது. செட்ரிசின் அரிப்பு, தும்மலுக்கானது. ஹைட்ராலசின் ரத்த அழுத்தத்தைக் குறைப்பது. சீட்டில் இருப்பது ஹைட்ராக்சிசினாக இருக்கலாம். அதுவும் அரிப்புக்குத்தான், தூக்கம் மட்டும் கூடுதலாக வரும்.

மில்லிகிராமை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஹைட்ராலசின், ஹைட்ராக்சிசின் இரண்டுமே 25 மி.கி.யில் வருகின்றன. அதனால் பெயரை வாயால் சொல்லாமல் சீட்டையே நீட்டி, “அரிப்புக்குக் கொடுத்தது” என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். கையெழுத்து புரியவில்லையா? கடைக்காரரை ஊகிக்க விடாமல், எழுதிய டாக்டரிடமே போனில் கேட்கச் சொல்லலாம். வாங்கியதும் அட்டையில் அச்சாகியிருக்கும் மருந்துப் பெயரை எழுத்தெழுத்தாகச் சீட்டோடு ஒத்துப்பார்க்க வேண்டும். குறிப்பாக, ‘Hydr’ என்பதற்குப் பின்னால் வருவதை.