அழைப்பிதழ்ப் படத்தில் விளக்கை எங்கே நிறுத்துவது?

ஆண்டர்சன் தெருவில் கார்டு எடுத்து, மேலே பெயரை மட்டும் அச்சடித்துக் கொண்டுவருவது கொருக்குப்பேட்டைக்காரர்களுக்குப் பழகிய வழி. இப்போது புதுமனை புகுவிழாவுக்குப் பலரும் ஏஐ கருவியில் தாங்களே படம் வரைந்துகொள்கிறார்கள். பித்தளைக் குத்துவிளக்கு, புதுப் பூ, விவரம் எழுதக் காலி இடம், இந்த மூன்றைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். படம் அழகாக வந்துவிடுகிறது. விவரத்தை எழுத உட்கார்ந்தால்தான் இடம் போதவில்லை என்று தெரிகிறது.

அதனால் எந்தப் படம் நல்லது என்று பார்ப்பதற்கு முன்னால், அழைப்பிதழின் வாசகத்தை முழுதாக எழுதிவிடுங்கள். பிள்ளையார் சுழியிலிருந்து தொலைபேசி எண் வரை ஒரு வார்த்தை விடாமல் எழுதுங்கள். நம் அழைப்பிதழ் சுருக்கமானதல்ல. தெய்வம் துணை, தலைப்பு, அன்புடையீர், வருடம், மாதம், தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், விடியற்காலை நேரம், கணபதி ஹோமம், விலாசம், அழைப்போர் பெயர் என்று வரிசையாகப் போகும். கொருக்குப்பேட்டை விலாசம் என்றால் புதிய எண், பழைய எண் இரண்டையும் போட வேண்டும். எந்தத் தெருவிலிருந்து பிரியும் சந்து, ரயில்வே கேட்டுக்கு எந்தப் பக்கம் என்பதையும் சொல்லாவிட்டால், விடியற்காலை நாலரை மணிக்குத் திருவொற்றியூரிலிருந்து ஆட்டோவில் வரும் பெரியம்மா இருட்டில் வீட்டைத் தேடிக்கொண்டு நிற்பார்.

இவ்வளவையும் எழுதினால் சுமார் இருபது வரி வரும். அஞ்சு இன்ச் அகலம், ஏழு இன்ச் உயரம் உள்ள கார்டை எடுத்துக்கொள்வோம். வயதானவர்கள் படிக்கும்படி 11 புள்ளி எழுத்து, வரிக்கு வரி 16 புள்ளி என்று வைத்தால் இருபது வரிக்கு 320 புள்ளி, அதாவது ஏறக்குறைய நாலரை இன்ச் உயரம் வேண்டும். கார்டில் மூன்றில் இரண்டு பங்கு அதற்கே போய்விடும். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, விளக்கை நிறுத்த வழக்கமாகத் தேர்ந்தெடுக்கும் மூன்று அமைப்புகளையும் பார்க்கலாம்.

முதல் அமைப்பில் விளக்கு இடது பக்கம் முழு உயரத்துக்கு நிற்கும், வலது பக்கம் காலியாக இருக்கும். குத்துவிளக்கு இயல்பாகவே நெட்டையான பொருள் என்பதால் படமாகப் பார்க்கும்போது இதுதான் கண்ணை இழுக்கும். ஆனால் எழுத்துக்கு மிஞ்சுவது இரண்டரை இன்ச் அகலம். ‘ஞாயிற்றுக்கிழமை’, ‘சுபதினத்தில்’ மாதிரியான சொற்கள் வரிக்கு இரண்டுதான் அடங்கும். இருபது வரி முப்பத்தைந்தாக நீளும், கார்டு போதாது. எழுத்தைச் சிறிதாக்கி அடைத்தால் கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாது. ஏழெட்டு வரியில் முடியும் வாட்ஸ்அப் அழைப்புக்கு மட்டும் இதை எடுக்கலாம்.

இரண்டாவது, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு விளக்கு, மேலே மாவிலைத் தோரணம், நடுவில் காலி இடம். கடைக் கார்டுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பிடிக்கும். ஏஐ கருவிக்கு இதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. ஒரே மாதிரி இரண்டு விளக்கை அதனால் பெரும்பாலும் வரைய முடியாது. இடது விளக்கில் ஐந்து சுடர் எரிந்தால் வலது விளக்கில் நாலு எரியும், ஒன்றின் பீடம் தடித்திருக்கும். இரண்டும் எதிரெதிரே நிற்பதால் பார்ப்பவர் கண் நேராக அந்த வித்தியாசத்துக்குத்தான் போகும். இந்த அமைப்புதான் வேண்டும் என்றால் ஒரு விளக்கை மட்டும் வரையச் சொல்லி, அதன் பிரதியைக் கேன்வா மாதிரி செயலியில் மறுபுறம் திருப்பி வையுங்கள்.

என் தேர்வு மூன்றாவது. விளக்கு கீழே இடது மூலையில் நிற்க வேண்டும், கார்டின் உயரத்தில் பாதிக்கும் குறைவாக, மூன்று இன்ச் அளவில். பூக்கள் அடிவிளிம்பை ஒட்டி வலதுபுறம் ஓடட்டும். மேலே நாலு இன்ச்சுக்கு முழு அகலமும் கிடைக்கும். நம் அழைப்பிதழில் நீள வரிகள் எல்லாம் மேலேதான் வரும். கடைசி வரிகள், அதாவது ‘தங்கள் வருகையை எதிர்நோக்கும்’, பெயர்கள், தொலைபேசி எண் எல்லாம் குட்டையானவை, வழக்கமாகவே வலது பக்கம் ஒதுங்கி நிற்பவை. அவை விளக்குக்குப் பக்கத்தில் தாமாகவே பொருந்திக்கொள்ளும். கூகுள் மேப் காட்டும் க்யூஆர் கட்டம் வைப்பதானால் அதையும் அங்கேயே வைக்கலாம். குறைந்தது இரண்டு சென்டிமீட்டர் அகலம் இருக்கட்டும், சுற்றிலும் வெறும் வெள்ளை விடுங்கள்.

மூலையில் வைக்கக் குட்டையான காமாட்சி விளக்கு இன்னும் பொருத்தமாயிற்றே என்று தோன்றும். புது வீட்டுக்குள் ஏற்றிக்கொண்டு போவதும் பல குடும்பங்களில் அந்த விளக்குதான். ஆனால் அதன் பின்தகட்டில் கஜலட்சுமி உருவம் இருக்கிறது. அவ்வளவு சிறிய இடத்தில் கருவி தெய்வ முகத்தைச் சிதைத்துவிடும், யானைக்குத் துதிக்கை இரண்டாகிவிடும். சுப காரியத்துக்கு அப்படியொரு படத்தை அனுப்ப யாருக்கும் மனம் வராது. காமாட்சி விளக்குதான் வேண்டும் என்றால் உங்கள் வீட்டு விளக்கைப் புளி போட்டுத் தேய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அதையே பயன்படுத்துங்கள்.

அடுத்தது வார்த்தைத் தேர்வு. ப்ராம்ப்டில் `brass lamp` என்று மட்டும் எழுதினால் மேசை விளக்கோ அலாவுதீன் விளக்கோ வரும். `diya` என்றால் தீபாவளி மண் அகல். `nilavilakku` என்றால் கேரள விளக்கு. `kuthuvilakku` என்று எழுதி, வட்டப் பீடம், மெல்லிய தண்டு, ஐந்து சுடர் என்று உறுப்பு உறுப்பாகவும் சொல்ல வேண்டும். நாச்சியார்கோயில் விளக்குகளின் உச்சியில் இருக்கும் அன்னத்தைக் கேட்டால், உயிருள்ள வாத்து ஒன்று விளக்கின் அருகே வந்து உட்காருவதும் உண்டு. கூம்பிய முடி என்று கேட்பது பாதுகாப்பு. கிறிஸ்தவக் குடும்பத்து வீடு பிரதிஷ்டைக்கும் அந்த விளக்கே பொருந்தும், சிலுவையைப் பிறகு தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

பூவிலும் இதே கவனம் வேண்டும். `marigold` என்று கேட்டால் ஆரஞ்சு நிறத்தில் துலுக்கச் சாமந்திச் சரங்கள் வந்து, படம் வடநாட்டுக் கல்யாண மேடை மாதிரி ஆகிவிடும். நம் மஞ்சள் சாமந்திக்கு `chrysanthemum` என்று எழுத வேண்டும். `jasmine` என்று மட்டும் சொன்னால் விரிந்த இதழோடு தனித்தனிப் பூவாக வரும். நெருக்கமாகக் கட்டிய மொட்டுச் சரம் என்று விவரித்தால்தான் பூக்கடையில் முழம் போடும் மல்லி மாதிரி இருக்கும்.

ப்ராம்ப்டில் எழுதக் கூடாத வார்த்தைகள் இரண்டு: `invitation`, `housewarming`. முதலாவதை எழுதினால் மேசைமேல் கிடக்கும் ஒரு கார்டின் படத்தையே கருவி வரைந்து, அதில் பொய் எழுத்துகளையும் நிரப்பித் தரும். இரண்டாவதை எழுதினால் ஓட்டுக்கூரை வைத்த வெளிநாட்டு வீடும் சாவிக்கொத்தும் வரும். காலி இடத்தையும் வெறுமனே `empty space` என்று விட்டுவிடக் கூடாது. அங்கே என்ன தெரிய வேண்டும் என்று சொல்லாவிட்டால் மங்கலான பூக்களையும் ஒளிப்பொட்டுகளையும் தூவிவிடும். வெளிர் சந்தன நிறம், ஒரே சீராக, பொருள் எதுவும் இல்லாமல் என்று விவரியுங்கள்.

```
Watercolour illustration, portrait, 5:7.
One South Indian brass kuthuvilakku: round base,
slender stem, five lit wicks, plain pointed finial.
It stands in the lower left corner,
less than half the picture height.
Tight strings of jasmine buds and yellow
chrysanthemums along the bottom edge.
Everything else: flat pale cream,
no objects, no pattern, no lettering.
```

விடியற்காலை முகூர்த்தம் என்பதால் பின்னணியை அரக்கு நிறத்தில், சுடர் மட்டும் ஒளிர்வதாக வைக்கச் சிலர் ஆசைப்படுவார்கள். போன் திரையில் அது அருமையாக இருக்கும், வாட்ஸ்அப்புக்கு மட்டும் என்றால் தாராளமாக வைக்கலாம். அச்சுக்குப் போனால், கரும்பரப்பில் வெள்ளையாக விடப்பட்ட எழுத்துக்குள் மை கசிந்து, ‘ணி’, ‘ழை’ போன்றவற்றின் உள்வளைவுகள் அடைத்துக்கொள்ளும். அச்சுக்கு வெளிர் பின்னணியும் அடர் அரக்கு எழுத்தும்தான் சரி.

தமிழ் எழுத்தையும் கருவியே எழுதட்டும் என்று விடவே விடாதீர்கள். கொம்பும் காலும் இடம் மாறும், இல்லாத எழுத்தெல்லாம் முளைக்கும். பத்துச் சொல் சரியாக வந்து பதினோராவதில் ஒரு புள்ளி காணாமல் போனால் அது கண்ணில் படாமலே அச்சாகிவிடும். பிள்ளையார் சுழியைக்கூட எழுத்துருவிலிருந்து தட்டச்சு செய்வதே நல்லது. தலைப்புக்குப் பலூ தம்பி, உடல் வாசகத்துக்கு ஹிந்த் மதுரை அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் எடுத்துக்கொள்ளலாம், மூன்றும் இலவசம்.

படம் வந்ததும் பெரிதாக்கிச் சுடர்களை எண்ணுங்கள். ஒரு சுடர் திரியில்லாமல் காற்றில் மிதக்கும், சில சமயம் உச்சியிலும் ஒன்று எரியும். தட்டுக்குக் கீழே தண்டு நேராகத் தொடர்கிறதா, பீடம் தரையில் பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்து அளவு. பல கருவிகள் 1024க்கு 1536 பிக்சல் அளவில் படம் தருகின்றன. அஞ்சுக்கு ஏழு கார்டுக்கு அதன் உயரத்தில் சுமார் நூறு பிக்சலை வெட்ட வேண்டும். வெட்டியபின் இன்ச்சுக்கு ஏறக்குறைய 205 பிக்சல்தான் மிஞ்சும். அச்சகம் பொதுவாகக் கேட்பது 300. நீர்வண்ணப் பாணியில் விளிம்புகள் மென்மையாக இருப்பதால் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது, போட்டோ பாணியில் மங்கல் பளிச்சென்று தெரியும். மேலே நீர்வண்ணம் என்று எழுதியது அதனால்தான். எழுத்தைப் படத்தோடு சேர்த்து ஒரே ஜேபெக்காகக் கொடுக்காமல் பிடிஎஃப் ஆகக் கொடுத்தால் எழுத்தாவது கூர்மையாக வரும். நாலு பக்கமும் வெட்டுக்காக மூன்று மில்லிமீட்டர் சந்தன நிறத்தை நீட்டியும் வையுங்கள்.

அச்சகத்துக்கு அனுப்புவதற்கு முன் சாதாரண ஏ4 தாளில் நூறு சதவீத அளவில் ஒரு பிரதி எடுத்து, வீட்டிலேயே மூத்தவரிடம் கொடுத்து நேரத்தையும் கதவு எண்ணையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தாளைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனால், வாசகத்தில் கை வைக்காமல் விளக்கை அரை இன்ச் சிறிதாக்கி எழுத்தை ஒரு புள்ளி கூட்டுங்கள்.