காலைத் தொடாமல் கவிழ்ப்பது எப்படி?

மாணவர்களே, ஒலிம்பிக்கில் மல்யுத்தம் இரு பாணிகளில் நடைபெறுகிறது. ஃப்ரீஸ்டைலில் எதிராளியின் காலைப் பிடித்து இழுக்கலாம். நம் காலால் அவர் காலை இடறியும் விடலாம். கிரேக்க-ரோமானியப் பாணியில் இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது. காலால் தாக்கவும் கூடாது. இந்த ஒரே விதி ஆட்டத்தின் தன்மையையே மாற்றிவிடுகிறது. ஏன் என்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

70 கிலோகிராம் நிறையுள்ள வீரரின் எடை சுமார் 700 நியூட்டன். அவர் கால்களை அகட்டி நிற்கிறார். அவருடைய ஈர்ப்பு மையத்திலிருந்து வரும் செங்குத்துக்கோடு, பாதத்தின் வெளி விளிம்பிலிருந்து 30 செ.மீ. உள்ளே விழுகிறது எனக் கொள்வோம். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அவரைப் பக்கவாட்டில் தள்ளுகிறோம். அவர் கவிழ வேண்டுமானால், நம் விசையின் திருப்புத்திறன் அவர் எடையின் திருப்புத்திறனை மிஞ்ச வேண்டும்.

F × 1.3 = 700 × 0.3

ஆகவே F சுமார் 160 நியூட்டன். இப்போது அவருடைய ஒரு காலைத் தூக்கிவிடுங்கள். அவர் ஒற்றைப் பாதத்தில் நிற்கிறார், 30 செ.மீ. என்பது 5 செ.மீ. ஆகிவிடுகிறது. தேவைப்படும் விசை 27 நியூட்டன்தான்! அசையாமல் நிற்பவருக்கே இக்கணக்கு பொருந்தும். உண்மையான வீரர் உடனே பாதத்தை நகர்த்திச் சமாளிப்பார். ஆயினும் ஃப்ரீஸ்டைல் வீரர்கள் ஏன் குனிந்து, கால்களைக் காத்து நிற்கிறார்கள் என்பது இதிலிருந்து விளங்கும்.

கிரேக்க-ரோமானிய வீரர் எதிராளியின் காலை அகற்ற முடியாது. எனவே அவர் உடலையே தரையிலிருந்து பிரிக்கிறார். மார்போடு மார்பு சேர்த்து இறுகக் கட்டி, முழங்காலை மடக்கி, தம் இடுப்பை எதிராளியின் ஈர்ப்பு மையத்துக்குக் கீழே கொண்டுவந்து தூக்குகிறார். அரை மீட்டர் உயர்த்த 350 ஜூல் வேலை செய்ய வேண்டும். இடைவெளி விட்டுத் தூக்கினால் எதிராளியின் எடை அவரையே முன்னால் கவிழ்த்துவிடும். 1988, 1992, 1996 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்ற ரஷ்ய வீரர் அலெக்சாந்தர் கரேலின், குப்புறக் கிடக்கும் கனத்த எதிராளிகளையும் இடுப்பைக் கட்டித் தூக்கி எறிந்தார்.

புள்ளிகள் பெரும்பாலும் இரு பாணிகளுக்கும் பொதுவே. எதிராளியைக் கீழே கொணர்ந்து கட்டுப்படுத்தினால் 2. அவர் முதுகு நேராக மெத்தையை நோக்கி விழும்படி எறிந்தால் 4. மிக உயரமான வீச்சாக இருந்தால் 5. இரு தோள்களையும் மெத்தையில் பதித்துவிட்டால் அப்போதே வெற்றி. ஆனால் எத்தனை புள்ளி முன்னிலை பெற்றால் ஆட்டம் முடியும் என்பதில் வேறுபாடு உண்டு: ஃப்ரீஸ்டைலில் 10, கிரேக்க-ரோமானியத்தில் 8. அதாவது, எதிராளி புள்ளி எடுக்காத நிலையில், 4 புள்ளி வீச்சுகள் இரண்டே கிரேக்க-ரோமானிய ஆட்டத்தை முடித்துவிடும். ஃப்ரீஸ்டைலில் 2 புள்ளி வீழ்த்தல்கள் ஐந்து தேவை.

2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலத்துக்கான ஃப்ரீஸ்டைல் ஆட்டத்தில் இந்தியாவின் சாக்‌ஷி மாலிக் 0-5 எனப் பின்தங்கியிருந்தார். எதிராளியின் கால்களைத் தாக்கிச் சிறுகச் சிறுகப் புள்ளி சேர்த்து, 8-5 என வென்றார்.

ஒரு தீப்பெட்டியை மேசைமீது முதலில் படுக்கையாகவும், பிறகு செங்குத்தாகவும் வைத்து, மேல் விளிம்பில் விரலால் தள்ளிப் பாருங்கள். எந்த நிலையில் எளிதில் கவிழ்கிறது? காரணத்தை மேற்கண்ட சமன்பாட்டைக் கொண்டு விளக்குங்கள்.